ஓடிட், மீளாய்வு, ஏ.யூ.பி.: எந்த அறிக்கையை எவ்வளவு நம்பலாம்?

புறக்கோட்டை வியாபாரிகள், வெள்ளவத்தையில் இயங்கும் தொண்டு நிறுவனங்கள், கோயில் தர்மகர்த்தா சபையினர், கடன் கேட்டு வங்கிக்குப் போய்த் திரும்பியவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன். நடுவில் வரும் துணிக் கம்பனி விளக்கத்துக்காக நான் அமைத்த உதாரணம். அதன் தொகைகளும் அப்படியே.

மூன்றுமே கணக்குப் பார்க்கிற வேலைதானே? பிறகென்ன வித்தியாசம்?

வேலையின் முடிவில் கணக்காளர் எதற்குப் பொறுப்பேற்றுக் கையொப்பம் இடுகிறார் என்பதுதான் வித்தியாசம். கணக்காய்வில், அதாவது ஓடிட்டில், "இந்த நிதிக்கூற்றுக்கள் உண்மையானதும் நியாயமானதுமான தோற்றத்தைத் தருகின்றன" என்று அவர் தன் அபிப்பிராயத்தை நேராகச் சொல்கிறார். அந்த அளவுக்குச் சொல்லத் தேவையான சான்றுகளைத் திரட்ட வேண்டியதும் அவர்தான். இதை நியாயமான உறுதி என்கிறோம்.

மீளாய்வில் அவர் விசாரிக்கிறார், எண்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார். அதன் பிறகு "கணக்குப் பிழை என்று நம்பவைக்கும் எதுவும் எமது கவனத்துக்கு வரவில்லை" என்கிறார். இது மட்டுப்படுத்தப்பட்ட உறுதி. இணங்கிய நடைமுறைகளில், எங்கள் துறையில் சுருக்கமாக ஏ.யூ.பி., நீங்கள் பட்டியலிட்டுக் கொடுத்த வேலைகளை மட்டும் செய்து, கண்டதைக் கண்டபடி எழுதிக் கொடுக்கிறார். அதில் அபிப்பிராயமும் இல்லை, முடிவும் இல்லை, உறுதியும் இல்லை. படிப்பவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

கையில் ஒரு ரிப்போர்ட் இருக்கு. இது எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணக்காளர் நிறுவனத்தின் பெயரையும் முத்திரையையும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஒரே நிறுவனம் மூன்று வேலைகளையும் செய்யும், மூன்றும் ஒரே கடிதத் தாளில்தான் வரும். தலைப்பைப் பாருங்கள், பிறகு பொறுப்பேற்கும் வாக்கியத்தைத் தேடுங்கள். "எமது அபிப்பிராயத்தில்" என்று வந்தால் ஓடிட். "எமது கவனத்துக்கு எதுவும் வரவில்லை" என்று வந்தால் மீளாய்வு. ஒரு பக்கம் நடைமுறை, மறுபக்கம் கண்டறிந்தது என்று வரிசையாக எழுதி, "இது உறுதியளிக்கும் பணி அல்ல" என்று எங்காவது சொல்லியிருந்தால் ஏ.யூ.பி.

இதில் எதுவும் இல்லாமல், நிர்வாகம் தந்த தகவலைக் கொண்டு கணக்கைத் தயாரித்துக் கொடுத்ததாக மட்டும் எழுதியிருந்தால் அது தொகுப்புப் பணி. கணக்கு எழுத உதவி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஓடிட் செய்தும் "நியாயமான உறுதி"தானா? முழு உறுதி தரமாட்டீங்களா?

தரமுடியாது. சான்றுகளில் பெரும்பகுதி மாதிரி எடுத்துப் பார்ப்பது. கணக்கில் பல தொகைகள் மதிப்பீடுகள்: வராக்கடன் எவ்வளவு, பழைய சாமான் என்ன விலைக்குப் போகும் என்பதெல்லாம் மார்ச் 31 அன்று எவருக்கும் சரியாகத் தெரியாது. உள்ளே இருப்பவர்களே கூட்டுச் சேர்ந்து போலிச் சான்று தயாரித்தால் நல்ல கணக்காய்வாளரும் அதைத் தவறவிடலாம்.

அதோடு ஓடிட் ஒவ்வொரு ரூபாவையும் தேடுவதில்லை. முக்கியத்துவ அளவு என்று ஒரு தொகையைத் தீர்மானித்துக்கொண்டு, அதைத் தாண்டும் பிழைகள் வெளிப்படும்படி வேலையை அமைப்பார்கள். வரிக்கு முந்திய இலாபத்தில் 5% என்று எடுப்பது வழக்கத்தில் உள்ள ஒரு கணிப்பு. நியமம் இந்த வீதத்தை விதிக்கவில்லை, கணக்காய்வாளர்தான் தீர்மானிக்கிறார்.

எங்கட மாதிரி ஒரு துணிக் கம்பனியை எடுத்தால், ஓடிட்டில் உண்மையில் என்ன பிடிபடும்?

புறக்கோட்டையில் துணி இறக்குமதி செய்து மொத்தமாக விற்கும் ஒரு தனியார் கம்பனி என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31 உடன் முடியும் ஆண்டில் விற்பனை 18 கோடி, விற்றவற்றின் கிரயம் 14 கோடி. இருப்பு 6 கோடி 20 இலட்சம், கடன்பட்டோர் 3 கோடி 40 இலட்சம், வரிக்கு முந்திய இலாபம் 1 கோடி 10 இலட்சம். உள்ளே இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. கிட்டங்கியின் பின்பக்கத்தில் 85 இலட்சத்துக்கு வாங்கிய, மோஸ்தர் போன துணி கிடக்கிறது. விற்றால் 45 இலட்சம்தான் தேறும். இரண்டாவது, ஜனவரியிலிருந்து கடனுக்குச் சாமான் எடுத்த மட்டக்களப்புக் கடை ஒன்று ஏப்ரலில் பூட்டப்பட்டுவிட்டது. அதன் பாக்கி 28 இலட்சம்.

முன் சொன்ன 5% கணிப்பை எடுத்தால் முக்கியத்துவ அளவு 5 இலட்சத்து 50 ஆயிரம். இருப்பு அதைவிட எத்தனையோ மடங்கு பெரிது. ஆகவே மார்ச் 31 அன்று கணக்காய்வாளரின் ஆட்கள் கிட்டங்கிக்கு வந்து, உங்கள் ஆட்கள் எண்ணுவதைப் பார்த்து, தாங்களும் சிலவற்றை எண்ணுவார்கள். எண்ணும்போதே கண்ணும் வேலை செய்ய வேண்டும். பிரிக்கப்படாத கட்டு, வெளிறிய மடிப்பு, மூன்று வருடத்துக்கு முந்திய இறக்குமதிச் சீட்டு ஆகியவை இருந்தால் குறித்துக்கொள்வார்கள். பிறகு ஏப்ரல், மே மாத விற்பனைப் பற்றுச்சீட்டுகளை எடுத்து, அதே ரகம் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். இருப்பைக் கிரயம், விற்றுத் தேறும் பெறுமதி இரண்டில் குறைந்ததற்குத்தான் காட்டலாம் என்பது கணக்கீட்டு விதி. ஆகவே 40 இலட்சம் குறைய வேண்டும்.

கடன்பட்டோரில் தெரிந்தெடுத்தவர்களுக்கு, பாக்கியை உறுதிசெய்யச் சொல்லிக் கடிதம் போகும். பதில் உங்கள் கைக்கு வராமல் நேரே கணக்காய்வாளருக்கு வர வேண்டும். மட்டக்களப்புக் கடிதம் திரும்பி வருகிறது. ஆண்டு முடிந்த பிறகு அந்தக் கடையிலிருந்து காசு வந்ததா என்று வங்கிக் கூற்றில் தேடினால், ஒரு சதமும் இல்லை. கடை பூட்டப்பட்டது ஏப்ரலில் என்றாலும், அது தரமுடியாத நிலைக்குப் போய்க்கொண்டிருந்தது மார்ச் 31இலேயே இருந்த நிலைமை. ஆகவே இந்த ஆண்டிலேயே சரிக்கட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து 68 இலட்சம். இலாபம் 1 கோடி 10 இலட்சத்திலிருந்து 42 இலட்சமாக இறங்குகிறது.

அதே கம்பனிக்கு ரிவியூ மட்டும் செய்திருந்தால்?

ஒன்று பிடிபட நல்ல வாய்ப்பு இருக்கிறது, மற்றது பெரும்பாலும் தப்பிவிடும்.

மீளாய்வு செய்பவர் எண்ணுவதற்குக் கிட்டங்கிக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. கடிதமும் அனுப்ப வேண்டியதில்லை. விகிதங்களைப் போட்டுப் பார்ப்பார். இருப்பை விற்றவற்றின் கிரயத்தால் வகுத்து 365ஆல் பெருக்கினால் 162 நாள். போன வருடம் இருப்பு 5 கோடி 10 இலட்சம், கிரயம் 13 கோடி 60 இலட்சம், அதாவது 137 நாள். 25 நாள் எப்படிக் கூடியது என்று கேட்பார். "சித்திரைப் புத்தாண்டுக்குக் கூடுதலாக இறக்கினோம்" என்று முகாமையாளர் சொல்கிறார். கேட்க நல்ல பதில்தான். ஆனால் புத்தாண்டு போன வருடமும் இதே ஏப்ரல் நடுப்பகுதியில்தான் வந்தது. அப்போதும் மார்ச் 31இல் கிட்டங்கி நிறைந்துதான் இருந்திருக்கும். ஆகவே அந்தப் பதில் 25 நாளை விளக்கவில்லை. மீளாய்வின் தரம் இந்த இடத்தில்தான் தெரியும்: பதிலை எழுதிக்கொண்டு போகிறவர் ஒருவர், பதிலை எண்ணோடு பொருத்திப் பார்க்கிறவர் இன்னொருவர். கணக்கில் பொருள்படத்தக்க பிழை இருக்கலாம் என்று நம்பக் காரணம் வந்துவிட்டால், மேலும் வேலை செய்து தெளிவுபடுத்த வேண்டும் என்று மீளாய்வுக்கான 2400 இலக்க நியமமே கட்டாயப்படுத்துகிறது. அப்போது ரகவாரியான பழைய இருப்புப் பட்டியலைக் கேட்பார், 85 இலட்சம் வெளியே வரும்.

கடன்பட்டோரைப் பாருங்கள். இந்த வருடம் 69 நாள், போன வருடம் 3 கோடி 20 இலட்சமும் 17 கோடி 40 இலட்சம் விற்பனையும் வைத்துப் பார்த்தால் 67 நாள். கேள்வி எழுப்ப ஒன்றுமில்லை. மட்டக்களப்புப் பாக்கி மார்ச் 31இல் மூன்று மாதத்துக்கு மேற்படாதது; வயதுப் பட்டியலிலும் புதிய கடனாகத்தான் தெரியும். "வராத கடன் ஏதும் இருக்கிறதா" என்று கேட்டு, "எல்லாரும் தருகிறவர்கள்தான்" என்று பதில் வந்தால், அதற்கு மாறான தகவல் கையில் இல்லாதவரை அங்கேயே நிற்கும். 28 இலட்சம் உள்ளேயே இருக்க, "எதுவும் கவனத்துக்கு வரவில்லை" என்ற அறிக்கை நேர்மையாகவே வெளியாகலாம்.

வங்கி ஏ.யூ.பி. கேட்டது. ரிப்போர்ட்டில் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்போ கணக்கு சரி என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தத் தவறான புரிதலால்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

அதே கம்பனி இருப்பைப் பிணையாக வைத்துக் கடன் கேட்கிறது. வங்கி இரண்டு நடைமுறைகளுக்கு இணங்குகிறது என்று வையுங்கள். முதலாவது, இருப்புப் பட்டியலில் பெறுமதி கூடிய 15 ரகங்களை எண்ணி, பட்டியலுடன் ஒப்பிடுவது. இரண்டாவது, பாக்கி கூடிய 20 கடன்பட்டோரின் பாக்கிகளை விற்பனைப் பட்டியலுடனும் கையொப்பமிட்ட விநியோகச் சீட்டுடனும் ஒப்பிடுவது. அறிக்கை இப்படி வரும்: "15 ரகங்களை எண்ணினோம். 14 பட்டியலுடன் ஒத்துப்போயின. ஒன்றில் பட்டியலில் 240 துண்டு, எண்ணியதில் 212 துண்டு. 20 பாக்கிகளும் ஆவணங்களுடன் ஒத்துப்போயின."

மோஸ்தர் போன துணி அந்த 15க்குள் இருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்ததால் குறையாகத் தெரியவில்லை. அதன் பெறுமதியைப் பார்க்கும்படி எவரும் கேட்கவில்லை. மட்டக்களப்புக் கடை அந்த 20க்குள் இருக்கிறது. சாமான் உண்மையில் போனது, சீட்டில் கையொப்பமும் இருக்கிறது. காசு வருமா என்று எவரும் கேட்கவில்லை. 68 இலட்சம் அப்படியே தப்பிவிட்டது. ஆனால் ஓடிட்டில் சிறு தொகை என்று விட்டுவிடக்கூடிய அந்த 28 துண்டுக் குறைவு இங்கே கட்டாயம் எழுதப்படும். ஏ.யூ.பி.யில் முக்கியத்துவ அளவு என்று ஒன்றை வைத்து வடிகட்டுவதில்லை. கண்ட வித்தியாசம் எல்லாம் அறிக்கைக்குப் போகும், சிறியதை விட்டுவிடலாம் என்று முன்கூட்டியே ஓர் எல்லைக்கு இணங்கியிருந்தால் தவிர.

அப்படியென்றால் ஏ.யூ.பி. பிரயோசனம் இல்லாத வேலையா?

கேள்வி தெளிவாக இருந்தால் அதைவிட நேரான பதில் எதிலும் கிடைக்காது. வெளிநாட்டு நன்கொடையாளர் ஒருவருக்கு, தான் தந்த காசு சம்பந்தப்பட்ட ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டும் என்றால், முழு நிறுவனத்தின் ஓடிட் அறிக்கை அதைச் சொல்லாது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8%உம் தொழில்தருநரின் 12%உம் மாதாமாதம் போயிருக்கிறதா என்று அறிய வேண்டும் என்றாலும் அப்படித்தான்.

பிரச்சினை நடைமுறைகளை எழுதும் இடத்தில் வருகிறது. "இருப்பைப் பரிசோதிக்கவும்" என்று எழுதிக் கொடுத்தால் எத்தனை, எப்படித் தெரிந்தெடுத்து, எதனுடன் ஒப்பிடுவது என்று இரண்டு பேர் இரண்டு விதமாக விளங்கிக்கொள்வார்கள். 4400 இலக்க நியமப்படி ஒரு நடைமுறை அப்படி இரு பொருள்படக்கூடாது. எண்ணு, ஒப்பிடு, மீளக் கணி போன்ற சொற்கள் நல்லவை. "திருப்திகரமானது", "நியாயமானது" என்ற சொற்கள் கண்டறிந்தவற்றில் வந்தால், அங்கே அபிப்பிராயம் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் வங்கி உதாரணத்தில் இரண்டே வரிகள் சேர்த்திருந்தால் போதும்: அந்த 15 ரகங்களின் அலகுக் கிரயத்தை ஏப்ரல், மே விற்பனை விலையுடன் ஒப்பிடவும், அந்த 20 பேரிடமிருந்தும் மார்ச் 31க்குப் பின் வந்த காசை வங்கிக் கூற்றில் தேடவும். இரண்டு பிரச்சினையும் வெளியே வந்திருக்கும்.

நடைமுறைகளைத் தீர்மானிக்கிறது யார்? ஓடிட்டர்தானே நிபுணர்?

அவர் ஆலோசனை சொல்லலாம், நல்லவர் சொல்லுவார். பொருத்தமில்லாத நடைமுறை என்று தெரிந்தால் ஒப்புக்கொள்ளவும் கூடாது. ஆனால் இந்த நடைமுறைகள் தன் தேவைக்குப் பொருத்தமானவை என்று ஏற்றுக்கொள்வது அவரை நியமித்தவர். அதை அறிக்கையிலேயே எழுதுவார்கள். ஓடிட்டிலும் மீளாய்விலும் இது தலைகீழ். என்ன பார்க்க வேண்டும், எவ்வளவு பார்த்தால் போதும் என்று தீர்மானிப்பது கணக்காளர். "அந்தக் கிட்டங்கிக்குப் போக வேண்டாம்" என்று நீங்கள் சொன்னால் அது அவர் வேலைக்குப் போட்ட தடையாகக் கணக்கில் வரும், அறிக்கையிலும் எதிரொலிக்கலாம்.

ஏ.யூ.பி. செய்யும்போது கேட்காத பிழை ஒன்று கண்ணில் பட்டால், வாய் மூடிக்கொண்டு போவீங்களா?

போகக்கூடாது. மோசடி அல்லது சட்டமீறலுக்கான அறிகுறி தெரிந்தால், நெறிமுறைக் கோவைப்படி என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கும் கடமை அவருக்கு உண்டு. சாதாரணமாக முதலில் நியமித்தவரிடம் சொல்லி, அதைப் பார்க்க மேலதிக நடைமுறை ஒன்றுக்கு இணங்கலாமா என்று கேட்பார். ஆனால் அவர் தேடிப் போகவில்லை என்பதை மறக்கவேண்டாம். கண்ணில் படாதது இல்லை என்று அர்த்தம் ஆகாது.

என் மச்சானும் கணக்காளர்தான். அவரைக் கொண்டு செய்விக்கலாமா?

ஓடிட், மீளாய்வு இரண்டுக்கும் முடியாது. படிப்பவர் நம்புவது செய்தவரின் சொல்லை. அவர் சுயாதீனமாக இல்லாவிட்டால் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி இல்லை. ஏ.யூ.பி.யில் சர்வதேச நியமத்தின் இப்போதைய வடிவம், 2022 ஜனவரி 1 முதல் இணங்கிய பணிகளுக்கு உரியது, சுயாதீனத்தை எல்லாச் சந்தர்ப்பத்திலும் கட்டாயமாக்கவில்லை. ஆனால் அந்தப் பணிக்குச் சுயாதீனம் தேவைப்பட்டதா இல்லையா என்பதை அறிக்கையில் எழுத வேண்டும். வங்கியோ நன்கொடையாளரோ உடன்படிக்கையில் சுயாதீனம் வேண்டும் என்று எழுதினால் மச்சான் விலக வேண்டியதுதான்.

எங்கள் கம்பனி சின்னது. ஓடிட்டுக்குப் பதிலாக ரிவியூ செய்துகொண்டால் செலவு குறையுமே?

செலவு குறையும். ஆனால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் பேசுவது கணக்காய்வாளரையும் அவரது கணக்காய்வு அறிக்கையையும். மீளாய்வு அறிக்கையை அந்த இடத்தில் வைக்க முடியாது. தனி வியாபாரிக்கும் பங்குடைமைக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது, ஆகவே வங்கியோ பங்காளிகளோ ஒப்புக்கொண்டால் மீளாய்வு போதுமாக இருக்கலாம். கம்பனிகளுக்கு மீளாய்வு அதிகம் பயன்படுவது ஆண்டின் நடுவில்தான்: ஆறு மாதக் கணக்கை ஒரு முதலீட்டாளருக்குக் காட்டுவது போல. அதை உங்கள் ஓடிட்டரே செய்தால் 2410 இலக்க நியமம், வேறொருவர் செய்தால் 2400.

ஓடிட் பாதியில் நிற்கிறது. ஓடிட்டர் குறை எழுதப் போகிறார் போல. இதை ரிவியூவாக மாற்றச் சொல்லலாமா?

இந்தக் கேள்வி எப்போதும் மெதுவான குரலில்தான் வரும். நியாயமான காரணம் இருந்தால் மாற்றலாம். உதாரணமாக, வங்கி ஓடிட் கேட்டதாக நினைத்து ஆரம்பித்தீர்கள், பிறகுதான் மீளாய்வு போதும் என்று தெரிந்தது. ஆனால் மட்டக்களப்புப் பாக்கிக்குச் சான்று கிடைக்கவில்லை, குறையுள்ள அபிப்பிராயம் வரப்போகிறது, அதைத் தவிர்க்க மாற்றுங்கள் என்றால், நியமம் இதே மாதிரியான சந்தர்ப்பத்தையே நியாயமற்ற காரணத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறது. கணக்காய்வாளர் சம்மதிக்கக் கூடாது. நீங்களும் விடாப்பிடியாக இருந்தால், சட்டம் இடம்தரும் சந்தர்ப்பத்தில் அவர் விலகிக்கொள்வார்.

குறை எழுதுவதிலும் படிகள் உண்டு. 68 இலட்சத்தைச் சரிக்கட்ட நீங்கள் மறுத்தால், அது இருப்பிலும் கடன்பட்டோரிலும் மட்டும் நிற்கிறது என்று கருதினால் "இவை தவிர, ஏனையவை நியாயமானவை" என்று எழுதுவார். பிழை முழுக் கணக்கையும் கெடுக்கிறது என்று கருதினால், இலாபத்தில் பாதிக்கு மேல் போகும் இந்த உதாரணத்தில் அப்படிக் கருத இடமுண்டு, கணக்கு நியாயமானதல்ல என்றே எழுதுவார். சான்றே கிடைக்காமல், அதன் தாக்கம் பரந்ததாக இருக்கலாம் என்றால் அபிப்பிராயம் தர மறுப்பார். மீளாய்வுக்கும் இதே படிகள் உண்டு. ஆகவே மாற்றினாலும், ஏற்கனவே அவருக்குத் தெரிந்துவிட்ட 68 இலட்சம் மீளாய்வு அறிக்கையிலும் வந்தே தீரும். "எதுவும் கவனத்துக்கு வரவில்லை" என்று அவரால் இனி எழுத முடியாது.